பதினான்கு அணிகளுக்கு ஒரு மேடை: கலைத் திருவிழாவில் ஆடும் வரிசை, வருகை நேரம், மதிப்பெண் தாள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் நடந்துவரும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே செல்வது. இவற்றுள் வட்டார அளவிலான போட்டிதான் முதன்முறையாக மேடைப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்குக் கடினமானது என்பது என் கணிப்பு. பள்ளிக்குள் நடக்கும்போது எல்லாரும் தெரிந்தவர்கள். மாவட்ட அளவில் பழகிய கைகள் இருக்கும். வட்டாரத்தில்தான் ஒன்றையொன்று அறியாத பள்ளிகள் முதன்முறையாக ஒரே மேடையில் சந்திக்கின்றன, அந்த மேடையை நடத்துபவருக்கும் பெரும்பாலும் இரண்டு நாள் முன்னர்தான் தகவல் வருகிறது.

அப்படித் தகவல் பெற்ற ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகக் குழு கிராமிய நடனப் போட்டியை வைத்துக்கொள்வோம்: 14 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் அதிக அளவு 5 நிமிடம், மூன்று நடுவர்கள், காலை 10 மணிக்கு முதல் ஆட்டம். உங்கள் கைக்கு வந்த சுற்றறிக்கையில் வேறு நேரமோ வேறு மதிப்பெண் பிரிவோ சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். கீழே வரும் எண்கள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே.

குலுக்கலுக்கு முன் பெயர்ப் பட்டியல்

புதியவர்கள் பெரும்பாலும் குலுக்கலிலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னர் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அன்றைய தினம் மற்ற மேடைகளில் நடக்கும் போட்டிகளின் பெயர்ப் பட்டியலை வாங்கி, உங்கள் பட்டியலில் இருக்கும் மாணவர்கள் யாரேனும் வேறொரு மேடையிலும் இருக்கிறார்களா என்று பள்ளி வாரியாகச் சரிபார்க்க வேண்டும். நன்றாக ஆடும் குழந்தையே நன்றாகப் பாடவும் செய்யும் என்பதாலும், சிறிய பள்ளிகளில் மேடையேறத் தயங்காத மாணவர்கள் சிலரே இருப்பார்கள் என்பதாலும், ஒரே பெயர் இரண்டு இடங்களில் வருவது மிக இயல்பு.

நமது 14 அணிகளில் மூன்று அணிகளைச் சேர்ந்த மாணவர்கள் 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையே அடுத்த கட்டடத்தில் தனிப்பாடல் போட்டியில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். குலுக்கல் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், வரிசையை மாற்றிக் கொடுக்கும்படி அவர்கள் கேட்பார்கள், மற்ற பள்ளிகள் மறுப்பார்கள், நடுவில் நிற்பது நீங்கள்தான். முன்பே கண்டுபிடித்துவிட்டால் எளிது. 8 முதல் 14 வரையிலான ஏழு சீட்டுகளை முதலில் பெட்டியில் இட்டு, இந்த மூன்று அணிகளையும் அவற்றிலிருந்து எடுக்கச் சொல்லலாம். பிறகு மிஞ்சிய நான்கு சீட்டுகளுடன் 1 முதல் 7 வரையிலான சீட்டுகளைச் சேர்த்து, பதினொரு சீட்டுகளிலிருந்து மற்றப் பதினோர் அணிகளும் எடுக்கலாம். இதனால் அந்த மூவருக்கு முன்வரிசை எண் விழ வாய்ப்பில்லாமல் போவது உண்மை. ஆகவே காரணத்தையும் அணிகளின் பெயரையும் குலுக்கலுக்கு முன்னரே எல்லார் முன்னிலையிலும் சொல்லி, ஆட்சேபணை இருந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

குலுக்கலை முந்தைய நாள் மாலையில் வைப்பதா, போட்டியன்று காலையில் வைப்பதா என்ற கேள்விக்கு, குழு நடனத்தைப் பொறுத்தவரை முந்தைய நாளே நல்லது. காலையில் வைத்தால் 14 அணிகளும் ஒன்பது மணிக்கே வந்தாக வேண்டும்; கடைசி அணியின் குழந்தைகள் ஒப்பனையோடும் இறுக்கிக் கட்டிய உடையோடும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பாட்டு, பேச்சு போன்ற ஒப்பனை வேண்டாத போட்டிகளுக்குக் காலைக் குலுக்கல் போதும்.

சீட்டுகள் ஒரே தாளிலிருந்து ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மடிப்பதற்கு முன் 14 சீட்டுகளையும் மேசையில் விரித்துக் காட்டுவது ஒரு நிமிட வேலை. எந்த எண்ணும் விடுபடவில்லை, இரண்டு முறை வரவில்லை என்பதை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். பள்ளியின் சார்பில் வந்தவரே தம் கையால் எடுத்துப் பதிவேட்டில் எண்ணுக்கு எதிரே கையொப்பமிட வேண்டும். வர இயலாத பள்ளிக்காகப் போட்டியில் கலந்துகொள்ளாத ஒரு மாணவரை எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் எடுக்காதீர்கள். அந்த எண் ஒன்றாக இருந்துவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.

முதல் எண் விழுந்தவர்களின் முகம் வாடுவதற்குக் காரணம் இருக்கிறது. பெல்ஜியத்தில் நடக்கும் குயின் எலிசபெத் இசைப் போட்டியின் முடிவுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, வாசிக்கும் வரிசை குலுக்கலில் அமைந்தபோதும் முதல் நாளில் வாசித்தவர்கள் தரவரிசையில் பின்தங்கும் போக்கு இருப்பதைக் காட்டியது. தேர்ந்த நடுவர்களுக்கே அப்படியென்றால் நம் வட்டார மேடையில் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வரும் அணிக்கு நடுவர் கை இறுக்கமாக மதிப்பெண் இடுகிறார், பின்னால் இன்னும் நன்றாக ஆடுபவர் வந்தால் இடம் வேண்டுமே என்ற எண்ணத்தில். இதைக் குலுக்கலால் நீக்க முடியாது, யாருக்கு அந்தச் சங்கடம் என்பதை மட்டுமே குலுக்கல் தீர்மானிக்கிறது. நீக்குவதற்கான வழி மதிப்பெண் தாளின் பக்கம் இருக்கிறது, அங்கே சொல்கிறேன்.

இரண்டு பள்ளிகள் தங்களுக்குள் பேசி எண்ணை மாற்றிக்கொள்ள விரும்பினாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு மாற்றத்தை ஏற்றால் அதே சலுகையைக் கேட்கும் அடுத்த பள்ளிக்கு மறுக்க உங்களிடம் காரணம் இருக்காது.

வருகை நேரத்தைக் கணக்கிடுதல்

அணிக்கு 5 நிமிடம், 14 அணிகள், ஆக 70 நிமிடம் என்று கணக்கிட்டு 11.30-க்கு மேடையை அடுத்த போட்டிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்கு 5 நிமிடம் என்றால், ஓர் அணி இறங்கி அடுத்த அணி ஏறி வரிசையில் நிற்க 2 நிமிடம், நடுவர்கள் எழுதி முடிக்க 2 நிமிடம், ஆக ஓர் அணிக்கு 9 நிமிடம் என்று கொள்ள வேண்டும். பின்னிரண்டும் ஒரே வேளையில் நடக்கக்கூடியவைதானே என்று கேட்கலாம். நடக்கும், ஆனால் பென் டிரைவில் பாட்டு திறக்கவில்லை, கரகத்திலிருந்து உதிர்ந்த பூவைக் கூட்ட வேண்டும், பறையை நேரில் இசைக்கும் அணிக்கு இன்னொரு மைக் வைக்க வேண்டும் என்று வரும் சில்லறைத் தாமதங்களுக்கு அந்த இரண்டு நிமிடந்தான் இடம்.

இனிக் கணக்கு. முதல் அணி 10.00, இரண்டாவது 10.09, மூன்றாவது 10.18 என்று போனால் ஏழாவது அணி 10.54-க்கு ஏறி 11.03-க்கு அதன் முறை முடியும். அங்கே நடுவர்களுக்கு 15 நிமிடம் ஓய்வு கொடுங்கள்; இந்த ஓய்வு தேநீருக்காக மட்டும் அன்று, முதல் பாதியில் நேரம் தவறியிருந்தால் அதை விழுங்கிக்கொள்ளும் இடமும் அதுவே. எட்டாவது அணி 11.18-க்குத் தொடங்கும், பதினான்காவது அணி 12.12-க்கு ஏறி 12.21-க்கு முடிக்கும். மதிப்பெண் தொகுக்க ஏறக்குறைய அரை மணி நேரம் சேர்த்தால், முடிவை 12.50-க்கு அறிவிக்கலாம் என்று எழுதுவது நேர்மையானது.

இந்த மேடை நேரத்தைப் பள்ளிகளுக்கு அப்படியே அனுப்பக் கூடாது. 10.54 என்று பார்க்கும் பள்ளி 10.50-க்கு வாசலில் வந்து நிற்கும். அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியது பதிவு மேசைக்கு வரவேண்டிய நேரம். அதையும் அணிக்கு ஒன்றாக வைக்காமல் கூட்டம் கூட்டமாக வைப்பது நினைவில் நிற்கும். நமது எடுத்துக்காட்டில் 1 முதல் 4 வரை 9.15, 5 முதல் 7 வரை 9.45, 8 முதல் 11 வரை 10.30, 12 முதல் 14 வரை 11.00 என்று அமைக்கலாம். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் அணிக்கும் மேடையேறுவதற்கு முன் முக்கால் மணி நேரமாவது கிடைப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பனை முழுவதையும் வந்த பிறகே போடும் அணிகளுக்கு இது போதாது. அவர்கள் முன்னதாக வருவதைத் தடுக்க வேண்டாம், ஆனால் பதிவு நேரத்தை அவர்களுக்காக எல்லாருக்கும் முன்னே தள்ளவும் வேண்டாம்.

பதிவு மேசையில் சரிபார்க்க வேண்டியவை மூன்று: பட்டியலில் உள்ள மாணவர்களே வந்திருக்கிறார்களா, எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா, பாட்டுக் கோப்பு மைக் செட்காரரின் கணினியில் ஓடுகிறதா. மூன்றாவதை மேசையிலேயே, ஹெட்போனில் முதல் சில நொடிகள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மேடையில் பிள்ளைகள் நிலையில் நிற்கும்போது பாட்டைத் தேடும் அந்த ஒரு நிமிடம் அவர்களுடைய ஆட்டத்தைக் குலைத்துவிடும். அதற்கு எந்த நடுவரும் தனி மதிப்பெண் தரமாட்டார்.

தாமதத்துக்குப் பெருங்காரணம் அணிகள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடக்க விழாவும் சிறப்பு விருந்தினரும்தான். விழா அரை மணி நேரம் நீண்டால், அந்த அரை மணி நேரத்தையும் மொத்தமாகப் பின்வரும் எல்லா நேரங்களுடனும் கூட்டி, மூன்றாவது, நான்காவது கூட்டங்களுக்குப் புதிய வருகை நேரத்தை உடனே தெரிவித்துவிடுங்கள். அணி நேரத்தில் குறைத்து ஈடுகட்டப் பார்ப்பது கூடாது. போட்டி தொடங்கிய பிறகு நிலைமையை அறிய ஓர் எளிய அடையாளம், நான்காவது அணியின் முறை முடியும் நேரம். அது 10.36 ஆக இருக்க வேண்டும். 10.46-ஐத் தாண்டியிருந்தால், அதே போக்கில் ஏழாவது அணி முடியும்போது தாமதம் 15 நிமிடத்தைக் கடந்துவிடும், இடைவேளை அதை முழுதும் விழுங்காது. அப்போதே பின்வரிசைப் பள்ளிகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

எப்போதும் ஓர் அணி மேடையில், ஓர் அணி மேடை ஓரத்தில், ஓர் அணி ஒப்பனை அறை வாசலில் இருக்க வேண்டும். அழைத்த அணி வரவில்லையென்றால் ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அழைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த அணியை ஏற்ற வேண்டும். வராத அணியைக் கடைசியில் ஆட விடலாமா என்பது எல்லா மேடையிலும் எழும் வாக்குவாதம். என் வழக்கம் இது: இதே விழாவின் இன்னொரு மேடையில் இருந்ததால் வர முடியாதவர்களுக்கு, அந்த மேடைப் பொறுப்பாளரின் கையெழுத்துடன் வந்தால், கடைசியில் இடம் உண்டு, பேருந்து தவறியது, உடை வரவில்லை என்பவற்றுக்கு இல்லை. இது கடுமையாகத் தோன்றலாம். எந்த விதியானாலும் குலுக்கலின் போதே வாசித்துவிட்டால் போட்டி நாளில் நீங்கள் இரக்கமற்றவராக மாற வேண்டியதில்லை.

நேரம் பார்ப்பவரை நடுவர் மேசையிலிருந்து பிரித்து உட்கார வைக்க வேண்டும். பாட்டின் முதல் ஒலி அல்லது முதல் அசைவு, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அப்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். நான்காம் நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு மணி. ஒவ்வோர் அணிக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எடுத்த நிமிடம் நொடி ஆகியவற்றை அவர் ஒரு தனித்தாளில் எழுதுகிறார். நேரம் மீறியதற்கான கழிவை அந்தத் தாளைக் கொண்டு மேடைக் குழு செய்யும், நடுவர் செய்யக் கூடாது. ஒருவர் கழித்து இன்னொருவர் கழிக்க மறந்தால் ஒரே குற்றத்துக்கு இரு தண்டனையாகிவிடும்.

மறைபெயர்

குலுக்கல் முந்தைய நாளே நடந்துவிட்டதால் எந்தப் பள்ளி எத்தனையாவது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே வரிசை எண்ணையே நடுவர் தாளில் எழுதினால், ஏழாவது அணி எந்தப் பள்ளி என்று நடுவருக்கு யாராவது சொல்லிவிடக்கூடும், அல்லது சொன்னதாகப் பேச்சு கிளம்பும். கேரளத்தின் பள்ளிக் கலோற்சவத்தில் போட்டியாளர்களைக் குறியெழுத்தால் மட்டுமே நடுவர்கள் அறிவார்கள். அங்கே மேல்முறையீடுகள் நீதிமன்றம் வரை போவதும் உண்டு என்பதால் இந்த எச்சரிக்கை வெறும் சடங்கு அன்று.

நம் மேடையில் பதிவு மேசையில் இன்னொரு பெட்டி வைத்து, ஒவ்வோர் அணியையும் ஒரு மறைபெயரை எடுக்கச் சொல்லலாம். எழுத்துகளைக் காட்டிலும் பூக்களின் பெயர்களையே நான் விரும்புவேன். ஒலிபெருக்கியில் ‘ப’ என்றதும் ‘ம’ என்றதும் ஒன்றுபோலக் கேட்கும், அவசரக் கையெழுத்தில் க, ச மயங்கும்; முல்லையைச் செவ்வந்தி என்று யாரும் கேட்கமாட்டார்கள். அரசியல் கட்சியின் சின்னமாக இருக்கும் பூவை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள், வீண் பேச்சு.

எந்தப் பூ எந்தப் பள்ளி என்ற பட்டியல் ஒரே ஒரு படிதான். அது பதிவு மேசையில் எழுதப்பட்டு, கடைசி அணி பதிந்ததும் உறையிலிட்டு ஒட்டப்பட்டு, மதிப்பெண் தொகுப்பு முடியும்வரை திறக்கப்படாமல் இருக்க வேண்டும். அறிவிப்பாளர் “அடுத்து முல்லை அணி” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. பாட்டில் பள்ளியின் பெயர் வருகிறதா, உடையில் பள்ளி முத்திரை இருக்கிறதா என்பதையும் மேசையிலேயே பார்த்துவிடுங்கள்.

மாணவர்களை அடையாளம் கண்டுகொள்ளும் நடுவர் இருந்தால் இந்த மறைப்பால் பயனில்லை. பங்கேற்கும் பள்ளி எதிலாவது நடனம் கற்றுக்கொடுத்திருக்கிறாரா, உறவினர் உண்டா என்று நடுவர்களை முந்தைய நாளே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மதிப்பெண் தாள்

நான் முதன்முறை பொறுப்பேற்றபோது எல்லா அணிகளையும் வரிசையாக அச்சிட்ட ஒரே தாளை நடுவர்களுக்குக் கொடுத்தேன். ஐந்தாவது அணி வரவில்லை. அறிவிப்பாளர் அதைச் சொல்லாமல் ஆறாவது அணியை அழைத்துவிட்டார். ஒரு நடுவர் அந்த அணியின் மதிப்பெண்ணை ஐந்தாவது வரியில் எழுதினார், அடுத்தடுத்து வந்தவற்றை ஆறாவதில், ஏழாவதில் என்று எழுதிக்கொண்டே போனார். கடைசியில் அவருடைய தாளில் பதினான்காவது வரி வெறுமையாக இருந்தபோதுதான் கண்டுபிடித்தோம். மற்ற இருவர் தாளோடும் நேரத்தாளோடும் ஒப்பிட்டுச் சரிசெய்ய முடிந்தது. ஆனால் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு நாங்கள் மதிப்பெண்ணை மாற்றுவதாகத்தான் பட்டது.

அதன் பிறகு அணிக்கு ஒரு தாள் என்று மாறிவிட்டேன். அரைப் பக்க அளவில், ஒரு நடுவருக்கு 14, மூவருக்கு 42, கூடுதலாக ஆறு. தாளின் மேலே போட்டியின் பெயர், நடுவர் எண், மறைபெயர் ஆகியவை மட்டும். பள்ளி என்ற கட்டமே இருக்கக் கூடாது, இருந்தால் யாராவது நிரப்பிவிடுவார்கள். ஆட்டம் முடிந்து இரண்டு நிமிடத்தில் ஒரு மாணவத் தொண்டர் தாளை வாங்கி மதிப்பெண் தொகுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வந்தவரைப் பார்த்து முன்னால் வந்தவரின் மதிப்பெண்ணைத் திருத்துவது இதனால் நின்றுவிடும். ஒப்பிடாமல் எப்படி இடுவது என்று நடுவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. தம் குறிப்புக்காக ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொள்ளட்டும். அதைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.

சுற்றறிக்கை மதிப்பெண் பிரிவைச் சொல்லாமல் உங்களிடம் விட்டிருந்தால், 50 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: அசைவும் தாளமும் 15, குழு ஒருங்கிணைப்பு 15, எடுத்துக்கொண்ட கலைவடிவத்தின் இயல்பு 10, மேடையைப் பயன்படுத்தும் விதம் 5, உடையும் ஒப்பனையும் 5. உடைக்கு ஐந்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கட்டம் பெரும்பாலும் பள்ளியின் பணப்பையையே அளக்கிறது. அரை மதிப்பெண் வரை இடலாம், அதற்குக் கீழே பின்னம் வேண்டாம். பேனாவில் எழுத வேண்டும். திருத்தினால் ஒரு கோடு கிழித்து அருகில் எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும்.

கட்டத்தின் பெயரை மட்டும் அச்சிட்டால் நடுவருக்கு நடுவர் அளவுகோல் மாறும். ஒவ்வொரு பெரிய கட்டத்தின் கீழும் இரண்டு வரி எழுதிவையுங்கள். ஒருங்கிணைப்பு என்றால், “ஓரிரு இடத்தில் தப்பி உடனே கூடிக்கொண்டார்கள்: 11 முதல் 12”, “பாதிக்கு மேற்பட்டவர்கள் அருகிலிருப்பவரைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறார்கள்: 8 முதல் 9” என்பதுபோல. போட்டி தொடங்குமுன் விருந்தளிக்கும் பள்ளியின் போட்டியில் இல்லாத குழு ஒன்றை ஆடச் சொல்லி, நடுவர்கள் மூவரையும் அதற்கு மதிப்பெண் இடச் சொல்லுங்கள். ஒருவர் 44, இன்னொருவர் 31 இட்டிருந்தால் அப்போது பேசிக்கொள்ளட்டும். பிறகு அந்தத் தாள்களைக் கிழித்துவிட வேண்டும். முதல் எண் விழுந்த அணிக்கு நேரும் இறுக்கத்தைத் தளர்த்த நான் அறிந்த வழி இதுதான். போட்டி தொடங்கிய பிறகு நடுவர்கள் தமக்குள் பேசக் கூடாது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு அணிகளுக்கு மூன்று நடுவர்கள் இட்ட மதிப்பெண் இப்படி இருக்கிறது என்று கொள்வோம்.

| அணி | நடுவர் 1 | நடுவர் 2 | நடுவர் 3 | கூடுதல் |
|---|---|---|---|---|
| முல்லை | 42 | 41 | 36 | 119 |
| செவ்வந்தி | 40 | 40 | 46 | 126 |
| குறிஞ்சி | 39 | 38 | 30 | 107 |
| மகிழம் | 37 | 37 | 28 | 102 |

முதல் இருவரும் முல்லையே முதல் என்கிறார்கள். மூன்றாமவர் ஒருவர் மட்டும் செவ்வந்தி என்கிறார். ஆயினும் கூட்டுத்தொகையில் செவ்வந்தி ஏழு மதிப்பெண் முன்னால் நிற்கிறது. முதல் இருவரும் 37-க்கும் 42-க்கும் இடையே நெருக்கமாக மதிப்பெண் இட்டார்கள், மூன்றாமவர் 28-லிருந்து 46 வரை பரப்பி இட்டார். பரப்பி இடுபவரின் குரல் மற்ற இருவரின் குரலை அமுக்கிவிடுகிறது. அவர் நேர்மையற்றவர் என்று பொருளில்லை. வேறுபாட்டை நன்றாகக் காட்டுபவராகவும் இருக்கலாம்.

மதிப்பெண்ணை விட்டு ஒவ்வொரு நடுவரும் தந்த இடத்தைக் கூட்டினால் முல்லைக்கு 1, 1, 2 என நான்கும், செவ்வந்திக்கு 2, 2, 1 என ஐந்தும் வரும். குறைந்த எண் பெற்ற முல்லை வெல்லும். பள்ளிக்குள் நீங்களே விதி வகுக்கும் போட்டியாக இருந்தால் இடக்கூட்டு முறையை நான் பரிந்துரைப்பேன், ஆனால் அதைப் போட்டிக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். கூட்டுத்தொகை என்று விதி இருந்தால் செவ்வந்திதான் முதல், அதில் பேச்சுக்கு இடமில்லை. முடிவைப் பார்த்த பிறகு முறையை மாற்றுவது எந்த நோக்கத்தோடு செய்தாலும் தவறு. மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஐந்து நடுவர் இருந்தால் செய்யலாம். மூவர் இருக்கும்போது நீக்கினால் மிஞ்சுவது ஒரே ஒருவரின் மதிப்பெண்.

நடுவர் ஒருவர் ஒன்பதாவது அணியோடு எழுந்து போக நேர்ந்தால் அவர் இட்ட ஒன்பது தாள்களும் கணக்கிலிருந்து விலக வேண்டும், எல்லா அணிக்கும் மற்ற இருவரின் மதிப்பெண்ணே எடுக்கப்பட வேண்டும். சிலருக்கு மூவரின் சராசரி, சிலருக்கு இருவரின் சராசரி என்று கலக்கக் கூடாது.

தொகுப்பும் அறிவிப்பும்

தாள்கள் அணி அணியாக வந்துகொண்டிருப்பதால் தொகுப்பை முன்னரே தொடங்கிவிடலாம். இரண்டு பேர், ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு தாளின் கட்டங்களையும் மறுபடி கூட்ட வேண்டும். நடுவர் எழுதிய கூட்டுத்தொகையை நம்பவே கூடாது, 12, 11.5, 8, 4, 3.5 என்று சரியாக இட்டுவிட்டு, 39-க்குப் பதிலாக 37 என்று கீழே எழுதுவது அன்றாடம் நடப்பது. அப்படி இருந்தால் நடுவரிடம் காட்டி அவர் கையாலேயே திருத்தி வாங்க வேண்டும். அதன்பின் தாளின் எண்ணிக்கையை நேரத்தாளோடு ஒப்பிடுங்கள். பதின்மூன்று அணி ஆடியிருந்தால் 39 தாள் இருக்க வேண்டும். 38 இருந்தால் எங்கோ ஒரு நடுவரின் கோப்பில் ஒன்று தங்கியிருக்கிறது.

இரு அணிகள் சமமாக வந்தால் எந்தக் கட்டத்தைக் கொண்டு பிரிப்பது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். குழு நடனத்தில் ஒருங்கிணைப்பின் கூட்டுத்தொகையை முதலிலும் அசைவு, தாளத்தின் கூட்டுத்தொகையை அடுத்தும் பார்க்கலாம். அப்போதும் பிரியவில்லையென்றால், மேல்நிலைக்கு ஒரே அணியைத்தான் அனுப்ப முடியும் என்ற கட்டாயம் இல்லாதவரை, இருவருக்கும் அதே இடத்தைக் கொடுத்துவிடுவதே மேல். களைத்த பிள்ளைகளை மீண்டும் ஆடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்பனை கலைத்துச் சாப்பிட்டுவிட்ட அணிக்கும், உடையோடு காத்திருந்த அணிக்கும் அது சமமான போட்டி அன்று.

தொகுப்புத் தாளில் மறைபெயரும் மதிப்பெண்ணும் இடமும் எழுதி, நடுவர் மூவரும் நீங்களும் கையொப்பமிட்ட பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். முதலில் உறையைப் பிரித்து, பள்ளியின் பெயரைப் பார்த்துக்கொண்டே கூட்டினால், நீங்கள் நேர்மையாகக் கூட்டியிருந்தாலும் அதை மெய்ப்பிக்க வழியில்லை. பெயரை நிரப்பியதும் மாணவர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். சான்றிதழில் முன்னெழுத்து மாறினால் அடுத்த வாரம் முழுதும் அதற்கான கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்.

ஆட்சேபணையுடன் வரும் பள்ளிக்கு அவர்களுடைய அணியின் தாள்களை, நடுவரின் பெயரை மறைத்து, காட்டலாம். கூட்டல் பிழையா என்பதை மட்டும் அங்கே பார்க்கலாம்; 8 ஏன் 10 ஆகவில்லை என்ற விவாதத்துக்கு அந்த மேசை இடமன்று. எல்லாம் முடிந்ததும் குலுக்கல் பதிவேடு, நேரத்தாள், 42 மதிப்பெண் தாள்கள், கிழித்த உறையுடன் மறைபெயர்ப் பட்டியல், பயன்படுத்தாத ஆறு தாள்கள் ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டி, எண்ணிக்கையை மேலே எழுதி, வட்டார ஒருங்கிணைப்பாளரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்தாத தாள்களையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெற்றுத் தாள் ஒன்று வெளியே இருந்தால், மதிப்பெண் தாள் மாற்றப்பட்டது என்று சொல்ல அது போதும்.